டாலர் என்றால் பள்ளத்தாக்கு

கேள்வி: ரூபாய், டாலர், தினார் இந்தப் பெயரெல்லாம் எப்படி வந்தது, முதலில் என்ன அர்த்தம்?

பெரும்பாலும் காசு எங்கே அடிக்கப்பட்டது, எப்படி இருந்தது, எவ்வளவு பெறும் என்பதே பெயராகிவிடும்.

டாலர் கதைதான் சுவாரசியம். இன்றைய செக் நாட்டில் ஜெர்மானியர்கள் யோவாகிம்ஸ்தால், அதாவது யோவாகிமின் பள்ளத்தாக்கு, என்று அழைத்த ஒரு சுரங்க ஊர் இருக்கிறது. 1520 வாக்கில் அங்கே கிடைத்த வெள்ளியில் பெரிய பெரிய காசுகளாக அடித்துத் தள்ளினார்கள், அதற்கு யோவாகிம்ஸ்தாலர், அதாவது 'அந்த ஊர்க்காசு', என்று பெயர். இவ்வளவு நீளமாக யார் சொல்வது? நாம் கடையில் "ஒரு பவானி எடுங்க" என்று சொன்னாலே ஜமுக்காளம் வருகிற மாதிரி அங்கேயும் பெயர் சுருங்கியது, என்ன, முன்பாதி உதிர்ந்து 'தாலர்' மட்டும் மிஞ்சியது. டச்சுக்காரர்கள் வாயில் அது 'டாலர்' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. 'தால்' என்றால் பள்ளத்தாக்கு, அவ்வளவுதான்.

தினார் ரோமானியர்களின் 'தெனாரியஸ்' என்ற வெள்ளிக்காசிலிருந்து வந்தது. 'பத்து அடங்கியது' என்று பொருள், தொடக்கத்தில் அது பத்து வெண்கலக் காசுக்குச் சமம். அரபு நாடுகளில் அதே பெயர் தங்கக்காசுக்குப் போய்விட்டது.

ரூபாய்க்கு வேர் சமஸ்கிருத 'ரூப்ய'. ரூபம், உருவம் என்கிறோமே, அதே குடும்பம்: உருவம் பொறித்த வெள்ளி. 1540களில் ஷேர் ஷா சூரி சுமார் 11.5 கிராம் வெள்ளியில் அடித்த காசு இந்தப் பெயரை நிலைக்க வைத்தது.

அப்புறம், டாலர் அமெரிக்கர்கள் உண்டாக்கிய சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் 1792இல் நாணயச் சட்டம் போடுவதற்கு வெகுமுன்பே ஸ்பானிய வெள்ளிக்காசை ஆங்கிலத்தில் டாலர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.