நாலு கட்டத்திலிருந்து பள்ளி மேம்பாட்டுத் திட்டம்: தலைமையாசிரியர் பயிற்சியில் இருப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

நீலகிரி மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் பல வருடம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஸ்வாட் தாளை நிரப்பிவிட்டு அதற்கு மேல் நகர முடியாமல் நிற்பவர்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

பந்தலூரிலிருந்து ஒரு ஆசிரியர்: "மேடம், வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டத்திலும் ஐந்தைந்து குறிப்பு எழுதிவிட்டேன். எஸ்டேட் பள்ளி, 64 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். இந்த இருபதிலிருந்து திட்டத்தை எப்படி எழுதுவது?"

தம்பி, நீங்கள் அனுப்பிய தாளைப் படித்தேன். ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று எழுதிப் பாருங்கள். பதில் வராததை அடித்துவிடுங்கள். "அர்ப்பணிப்புள்ள ஆசிரியர்கள்" என்பதை வைத்து நாளைக் காலையில் எந்த வேலையும் செய்ய முடியாது. "மூன்றாம் வகுப்பு ஆசிரியை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான மேல் லைனில் பிறந்து வளர்ந்தவர், அங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்தவர்" என்று எழுதினால் ஒரு வேலையே தொடங்கிவிடும்.

பலவீனத்தில் முதலாவதாக "பெற்றோர் அக்கறையின்மை" என்று போட்டிருக்கிறீர்கள். இது தீர்ப்பு, காரணம் இல்லை. இதைத் திட்டத்துக்குள் கொண்டுபோனால் "பெற்றோருக்கு விழிப்புணர்வுக் கூட்டம்" என்றுதான் வரும். கூட்டம் நடக்கும், போட்டோ எடுப்போம், வருகை அப்படியே இருக்கும். நானும் முதல் இரண்டு வருடம் இதையே செய்தேன். பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று அப்போது நான் ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

வருகைப் பதிவேட்டை எடுங்கள். ஜூனிலிருந்து அக்டோபர் வரை போதும். ஒரு சார்ட்டில் பிள்ளைகளை வகுப்பு வாரியாக எழுதாமல் வீடு இருக்கும் லைன் வாரியாக எழுதுங்கள். மேலே வாரங்கள், கட்டத்தில் வராத நாட்கள். இரண்டு மாலை வேலை. முடித்துவிட்டு எழுதுங்கள்.

குன்னூரிலிருந்து ஒரு ஆசிரியை: "வலிமையும் பலவீனமும் பள்ளிக்கு உள்ளே, வாய்ப்பும் அச்சுறுத்தலும் வெளியே என்று படித்தேன். வெளியே இருப்பது நம் கையில் இல்லை. அப்படியானால் அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்தானே, மேடம்?"

முதல் பாதி சரி டீச்சர், முடிவு தப்பு. மழையை நிறுத்த முடியாது. மழை நாளில் வகுப்பில் என்ன நடக்கும் என்பது நம் கையில் இருக்கிறது. தகரக் கூரைப் பள்ளியில் ஜூலை மழை அடிக்கும்போது ஆசிரியர் கத்தினாலும் இரண்டாம் வரிசைக்குக் கேட்காது. அந்த நேரத்துக்கென்று வாசிப்பு அட்டையும் எழுத்துப் பயிற்சியும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால், மழை விடும்வரை பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

பந்தலூர் பள்ளியையே பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61லிருந்து 90 வரை மூன்று. அங்கே 64 பேர். நான்கு பேர் போய்விட்டால் மூன்றாவது பணியிடம் ஆட்டம் காணும். பணியாளர் நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1 நிலவரத்தைத்தான் பார்க்கிறார்கள். நான்கு குடும்பம் எஸ்டேட்டை விட்டு இறங்குவதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் அங்கன்வாடியில் ஐந்து வயது முடியப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று மார்ச்சிலேயே எண்ணிப் பார்த்து வீடு தேடிப் போகலாம். வெளியே இருக்கும் அச்சுறுத்தல் திட்டத்துக்குள் இந்த மாதிரி வேலையாகத்தான் வர வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து: "மானியம் 25,000 ரூபாய்க்குள் எதையெல்லாம் எழுதலாம்? சுவர் பெயின்ட், இரண்டு பீரோ, ஒரு புரொஜெக்டர் போட்டிருக்கிறேன்."

சார், நீங்கள் கேட்பது கொள்முதல் பட்டியல். 31லிருந்து 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த மானியம் 25,000 என்பது சரி. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். ஆனால் திட்டம் மானியத்திலிருந்து தொடங்குவதில்லை. பீரோ வந்தால் எந்தப் பிள்ளைக்கு எது மாறும் என்று ஒரு வரி எழுத முடிந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

மறுபடியும் பந்தலூர் ஆசிரியர்: "மேடம், சார்ட் போட்டேன். பள்ளி மொத்த வருகை 84 சதவீதம். ஆனால் மேல் லைன் பிள்ளைகள் 14 பேருக்கு மட்டும் 60தான். மற்ற 50 பேருக்கு 91. எனக்கே அதிர்ச்சி. மழைதான் காரணம் என்று எழுதலாமா?"

அவசரப்படாதீர்கள். மழை மட்டும்தான் காரணமென்றால், தென்மேற்குப் பருவமழை தணியும் செப்டம்பரில் அந்த 14 பேரும் திரும்பியிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய சார்ட்டில் ஒன்பது பேர் திரும்பியிருக்கிறார்கள், ஐந்து பேர் திரும்பவில்லை. அந்த ஐந்து பேரும் பெண் பிள்ளைகள், நாலாவதும் ஐந்தாவதும் படிப்பவர்கள். செப்டம்பர், அக்டோபரில் மறுபடியும் தேயிலைக் கொழுந்து கூடும், அம்மாக்கள் விடியவே மலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று அந்த மூன்றாம் வகுப்பு டீச்சரை விட்டுக் கேளுங்கள்.

அவரே: "கேட்டோம். ஐந்து வீட்டிலும் தம்பி தங்கை இருக்கிறது. மூன்று பேருக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, இரண்டு பேர் கைக்குழந்தை. ஒன்பது பேர் விஷயம் ஓடையும் யானையும்தான். பாதை 1.8 கிலோமீட்டர்."

இப்போது "அக்கறையின்மை" என்ற ஒரு சொல் இரண்டு வேறு காரணமாகப் பிரிந்துவிட்டது. இனி கட்டங்களைக் குறுக்கே சேருங்கள். இந்தப் பலவீனத்துக்கு எதிரே நம்மிடம் உள்ள எந்த வலிமை, வெளியே உள்ள எந்த வாய்ப்பு நிற்கிறது என்று பாருங்கள். பயிற்சித் தாளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வேலைதான். நாலு கட்டமும் தனித்தனியாகவே கிடக்கும்.

ஒன்பது பேருக்கு: மேல் லைன் அம்மாக்கள் இரண்டு பேர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறார்கள் என்று வலிமையில் எழுதியிருக்கிறீர்கள். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, உங்கள் பாதை அதைத் தாண்டுகிறது. ஆகவே வழிக்காவலர், போக்குவரத்து வசதி கேட்டு வட்டார வள மையத்துக்குக் குடியிருப்பு விவரத்தோடு எழுதுங்கள். அந்தப் பணம் இந்த வருடமே வரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். அதுவரை வேலை இல்லாத பெரியவர்கள் முறை வைத்து, காலை எட்டேகாலுக்கு லைன் முனையிலிருந்து பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்து வரட்டும். கிளம்பும் முன் வனத்துறைக் காவலருக்கு ஒரு போன் கட்டாயம். யானை நிற்கிறது என்றால் அன்று யாரும் நடக்கக் கூடாது. அந்த நாளை வராத நாள் என்று கணக்கிட்டு யாரையும் கடிந்துகொள்ளவும் கூடாது.

ஐந்து பேருக்கு: இரண்டு வயது முடிந்த மூன்று குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்க்கலாம், அக்கா பள்ளிக்கு வரும்போதே கூட்டி வந்து விடலாம். மீதி இரண்டு கைக்குழந்தைக்கு எஸ்டேட் காப்பகம்தான் வழி. பழைய 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டமே, 50 பெண் தொழிலாளர்கள் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றது. தற்காலிகத் தொழிலாளியின் குழந்தையை அங்கே எடுத்துக்கொள்கிறார்களா என்பது ஒவ்வொரு எஸ்டேட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. "காப்பகத்தில் சேர்க்கப்படும்" என்று எழுதாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. "ஜூன் 15க்குள் குழுவினர் மூன்று பேர் மேனேஜரைப் பார்த்துப் பேசுவார்கள், பதில் தீர்மானப் புத்தகத்தில் பதியப்படும்" என்று எழுதுங்கள். அந்த இரண்டு பெண் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை.

இலக்கு: மேல் லைன் வருகை 60லிருந்து முதல் வருடம் 75. தொண்ணூறு என்று எழுத ஆசை வரும், ஒரு பருவமழையில் அது உடைந்துவிடும். செப்டம்பர் முதல் வாரம் அதே சார்ட்டை மறுபடி போட்டுப் பாருங்கள். ஒன்பது பேரின் வருகை கூடி, ஐந்து பேரின் வருகை கூடவில்லை என்றால் நடைக்குழு வேலை செய்கிறது, அங்கன்வாடி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

இருபது குறிப்பிலிருந்து இந்த வருடத்துக்கு இந்த வருகை வேலையும், அரும்பு என்ற தொடக்க நிலையிலேயே நிற்கும் பிள்ளைகளின் வாசிப்பும் போதும். மற்றவை மூன்று வருடத் திட்டத்தில் அடுத்த ஆண்டுகளுக்குப் போகட்டும்.

கூடலூரிலிருந்து: "எங்கள் எஸ்டேட்டுக்கு ஜார்க்கண்டிலிருந்து குடும்பங்கள் வந்திருக்கின்றன. பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. பலவீனமா, வாய்ப்பா? நான் அச்சுறுத்தலில் போட்டுவிட்டேன்."

பிள்ளைகளை எந்தக் கட்டத்திலும் போடாதீர்கள். "அவர்கள் மொழி பேசும் ஒருவரும் பள்ளியில் இல்லை" என்பதைப் பலவீனத்தில் எழுதலாம், "வருட நடுவில் ஊர் மாறிப் போகிறார்கள்" என்பதை அச்சுறுத்தலில் எழுதலாம். அவர்களால் பள்ளி எண்ணிக்கை கூடுகிறது, அது வாய்ப்பு என்று என் தோழி சொல்வார். எண்ணிக்கைக்காகச் சேர்த்துவிட்டுப் பேச ஆளில்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. நாங்கள் இரண்டு பேரும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.

உதகையிலிருந்து: "திட்டத்தை நானே எழுதிக் குழுவில் கையெழுத்து வாங்கிவிடலாமா? கூட்டத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை."

வேண்டாம் டீச்சர். சட்டத்தில் அந்தப் பொறுப்பு குழுவுக்குத்தான், குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அவர்கள் பேசாததற்குப் பாதிக் காரணம் நேரம். பகல் இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கொழுந்து எடை போட்டு முடிந்த பிறகு, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். நாலு கட்டத் தாளைக் காட்டாதீர்கள். பிள்ளைகள் பெயரை மறைத்துவிட்டு லைன் பெயரும் வாரமும் உள்ள சார்ட்டைச் சுவரில் ஒட்டுங்கள். நான் ஒரு முறை அப்படி ஒட்டியபோது, எப்போதும் கடைசியில் உட்காரும் ஒரு அம்மா எழுந்து வந்து ஜூலை மூன்றாம் வாரத்தில் விரலை வைத்தார். "இந்த வாரம்தான் டீச்சர் ஓடைக்கு மேலே போட்டிருந்த கட்டை அடித்துக்கொண்டு போனது, இன்னும் போடவில்லை" என்றார். எங்கள் திட்டத்தின் முதல் வரியாக அந்தக் கட்டையைத்தான் எழுதினோம்.