குட்டைப் பலகையும் முழங்காலும்

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. களியக்காவிளையில் ரோட்டோரம் குட்டைப் பலகையில் உட்கார்ந்து காலை 6 மணி முதல் மதியம் வரை மீன் வெட்டி விற்கிறார். எழும்போது முழங்கால் வலி. இப்போது வலது இடுப்பும் வலிக்கிறது என்கிறார். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டே ஓட்டுகிறார். தொழிலை விடச் சொல்லட்டுமா?

பதில்: தொழிலை விடச் சொல்ல வேண்டாம். பலகையை மாற்றுங்கள்.

முழங்கால் எவ்வளவுக்கு மடங்குகிறதோ, அவ்வளவுக்கு முட்டியின் முன்பக்கம் உள்ள சிப்பி எலும்பு தொடை எலும்போடு அழுந்தும். பலகையிலிருந்து எழும் அந்தச் சில நொடிகளில்தான் அழுத்தம் அதிகம். சில்லறை எடுக்க, தண்ணீர் தெளிக்க, ஐஸ் வாங்க என்று ஒரு காலையில் அம்மா எத்தனை முறை எழுகிறார் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

சரி, ஸ்டூல் வாங்கிக் கொடுத்தால் போதுமா? போதாது. வாங்கிக் கொடுத்தால் மறுநாளே ஓரமாகப் போட்டுவிடுவார். அரிவாள்மனையைக் காலால் மிதித்துப் பிடித்தால்தானே வெட்ட முடியும்? அதனால்தான் தரையோடு உட்கார்கிறார். முதலில் அந்தக் கால் வேலையைப் போல்ட்டுக்குக் கொடுங்கள். இரண்டடி உயர மரப் பெஞ்சில் அரிவாள்மனையை இரண்டு போல்ட் போட்டு முறுக்கிவிடுங்கள். கயிற்றால் கட்டினால் மீன் ஈரத்தில் நழுவி விரல் போய்விடும். ஸ்டூல் 16 முதல் 18 அங்குலம் இருக்கலாம். பாதம் தரையில் முழுதாகப் பதிந்து, முட்டியைவிட இடுப்பு கொஞ்சம் மேலே இருந்தால் அளவு சரி. மீன் தட்டுகளையும் கவிழ்த்த பெட்டிகள் மேல் ஏற்றி வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மீனுக்கும் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொள்ளும்.

எழும்போது ஸ்டூலின் முன் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, பெஞ்சில் கை ஊன்றி எழட்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணி இறக்கலாம். காலுக்குப் பத்து தடவை போதும்.

இப்போது இடுப்புக்கு வருவோம். நம் ஊரில் மூன்று இடத்துக்கு ஒரே பேர் இடுப்புதான். வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் பெல்ட் கட்டும் இடம் என்றால் பெரும்பாலும் முதுகுத்தண்டு விஷயம். தொடையின் வெளிப்பக்க எலும்பைத் தொட்டு, அந்தப் பக்கம் படுத்தாலும் வலிக்கிறது என்றால் அங்குள்ள தசைநார். கவட்டை மடிப்பைத் தொட்டுக் காட்டினால் இடுப்பு மூட்டையே சந்தேகப்பட வேண்டும். அந்த மூட்டு கெட்டால் வலி முட்டியில் தெரிவதும் உண்டு. அதனால் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால், கவட்டை வலியையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் முட்டியை மட்டும் எடுத்து அனுப்பிவிடக்கூடும்.

மாத்திரை விஷயத்தில்தான் எனக்குக் கவலை. பெயர் தெரியாமல் தினமும் போடும் வலி மாத்திரை வயிற்றில் புண் ஆக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அட்டையை எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, முட்டி திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தாலோ, அன்று சந்தைக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.