மறுப்புக்குப் பின் ஒரு கேள்வி

"செயலியில் அறிமுகமான பெண்ணை வேலூர்க் கோட்டைப் பூங்காவில் சந்தித்தேன். பேச்சு நன்றாகவே போனது; ஆனால் ஈர்ப்பு எழவில்லை என்கிறார். உண்மைக் காரணத்தைக் கேட்கலாமா?"

ஒரே ஒரு முறை கேட்கலாம். ஆனால் "ஏன் பிடிக்கவில்லை" என்று கேட்டால், உங்களைப் புண்படுத்த விரும்பாதவர் "நீங்கள் நல்லவர்தான், ஏனோ தோன்றவில்லை" என்று சொல்லி முடித்துக்கொள்வார், எனவே அவர் நேரில் கண்டதைப் பற்றி மட்டும் இப்படி எழுதுங்கள்: "உங்கள் முடிவை ஏற்கிறேன். அகழியோரம் நடந்தபோது உங்களைப் பேசவிடாமல் நானே அதிகம் பேசினேனா? பதில் கட்டாயமில்லை."

காட்பாடியில் நான் சந்தித்த ஒருவர் இதற்கு, நான் அலுவலகத்தைப் பற்றி மட்டுமே பேசியதாகப் பதில் எழுதினார். அடுத்த சந்திப்பில் அதைத் திருத்திக்கொண்டேன். ஈர்ப்பின்மைக்குச் சொல்லத்தக்க காரணமே இல்லாமலும் இருக்கலாம். பதில் வந்தால் நன்றி மட்டும் சொல்லுங்கள், விளக்கம் எழுதினால் அது வாதமாகிவிடும். வராவிட்டால் மீண்டும் கேட்காதீர்கள்.