சுழற்சி, எதிரொளிப்பு விடைத்தாளில் பாதி மதிப்பெண் யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டத்தாளில் எதிரொளிப்பும் சுழற்சியும் கொடுத்திருக்கிறேன். விடைப்புள்ளியோடு ஒத்துப்போகவில்லை என்றால் தவறு என்று போட்டுவிடலாமா? பாதி மதிப்பெண்ணை எதை வைத்து முடிவு செய்வது?

விடைப்புள்ளிகளை மட்டும் வைத்துத் திருத்தினால் பெரும்பாலும் முழு மதிப்பெண் அல்லது பூஜ்யம்தான் வரும். பிள்ளை போட்ட மூன்று புள்ளிகளைப் பார்த்து அவன் உண்மையில் எந்த உருமாற்றத்தைச் செய்திருக்கிறான் என்று கண்டுபிடியுங்கள். மதிப்பெண் அதிலிருந்து தானாக வரும்.

A(2,1), B(5,1), C(5,3) என்ற முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். ஆதிப்புள்ளியை மையமாக வைத்துக் கடிகார எதிர்த்திசையில் 90° சுழற்றச் சொல்கிறோம். விதி (x, y) → (−y, x). சரியான விடை A′(−1,2), B′(−1,5), C′(−3,5).

முதலில் பென்சில் முனையை A, B, C என்ற வரிசையில் நகர்த்திப் பாருங்கள். இந்த முக்கோணத்தில் அது கடிகார எதிர்த்திசையில் சுற்றும். சுழற்றினால் அந்தத் திசை மாறாது, எதிரொளித்தால் மாறிவிடும். பிம்பத்திலும் அதேபோல் சுற்றிப் பார்த்தால், எதிரொளிப்பு நடந்திருக்கிறதா என்பது ஐந்து நொடியில் தெரியும். இதற்காகவே A′, B′, C′ என்று பெயரிடுவதைக் கட்டாயமாக்குங்கள்.

பிறகு புள்ளிகளைப் பாருங்கள். (1,−2), (1,−5), (3,−5) என்றால் கடிகாரத் திசையில் சுழற்றிவிட்டான். (1,2), (1,5), (3,5) என்றால் எண்களை இடம் மாற்றியவன் குறியை விட்டுவிட்டான்; அது y = x கோட்டில் எதிரொளிப்பு. (2,1), (2,4), (0,4) என்றால் கோணமும் திசையும் சரி, ஆனால் ஆதிப்புள்ளிக்குப் பதில் A-யை மையமாக வைத்திருக்கிறான். A நகரவே இல்லை என்பதுதான் அடையாளம்.

நான் மூன்று மதிப்பெண்ணை இப்படிப் பிரிப்பேன்: அளவு மாறாத, புரளாத உருவத்துக்கு 1, கோணமும் திசையும் சரியாக இருந்தால் 1, மையத்துக்கு 1. A-யைச் சுற்றியவனுக்கு 2 கிடைக்கும். கடிகாரத் திசையில் போனவனுக்கும் 2. y = x-இல் புரட்டியவனுக்கு ஒன்றுமில்லை; கேட்டது சுழற்சி, அவன் செய்தது சுழற்சியே அல்ல. C′ மட்டும் (3,5) என்று விழுந்திருந்தால் அது ஒரு குறி விடுபட்ட கவனக்குறைவு. B′C′ நீளம் 2-க்குப் பதில் 4 ஆகிவிடும், பார்த்ததுமே தெரியும். அதற்கு 1 குறைத்தால் போதும்.

ஒரு பொறியும் இருக்கிறது. சில தாளில் புள்ளிகள் (2,−1), (5,−1), (5,−3) என்று இருக்கும். x அச்சில் எதிரொளித்துவிட்டான் என்று பூஜ்யம் போடத் தோன்றும். ஓரத்தில் அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று பாருங்கள். அங்கே (−1,2), (−1,5), (−3,5) என்று சரியாகவே இருந்தால், x-ஐ மேலும் கீழும், y-ஐப் பக்கவாட்டிலும் எண்ணிக் குறித்திருக்கிறான். சுழற்சி அவனுக்குத் தெரியும், புள்ளி குறிப்பதில்தான் சிக்கல். எனவே வரைபடத்துக்கு ஒரு மதிப்பெண் மட்டும் குறைப்பேன்.

எதிரொளிப்பில் அச்சுகளை விட x = 1 போன்ற கோடுகளில்தான் பிழை அதிகம். அதே முக்கோணத்துக்கு விடை (0,1), (−3,1), (−3,3). மூலப்புள்ளி, பிம்பப்புள்ளி இரண்டின் x மதிப்புகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 1 வர வேண்டும். மூன்று ஜோடியிலும் 0 வந்தால் கோட்டை விட்டு y அச்சில் எதிரொளித்திருக்கிறான். மூன்றிலும் 0.5 வந்தால், அதாவது பிம்பம் (−1,1), (−4,1), (−4,3) என்றால், எண்ணும் பழக்கம்தான் காரணம்: புறப்படும் புள்ளியையே ‘ஒன்று’ என்று எண்ணிக் கோடு வரை வருகிறான், கோட்டைத் தாண்டியபின் அடுத்த கட்டத்திலிருந்து எண்ணுகிறான். 5, 4, 3, 2, 1 என்று ஐந்து. அந்தப் பக்கம் 0, −1, −2, −3, −4 என்று ஐந்து. ‘புள்ளியை எண்ணாதே, தாண்டும் இடைவெளியை எண்ணு’ என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தடுத்து இரண்டு உருமாற்றம் கேட்டிருந்தால், இரண்டாவதை அவன் வரைந்த முதல் பிம்பத்திலிருந்து திருத்துங்கள். கடிகாரத் திசையில் தவறாகச் சுழற்றியவன் பிறகு x அச்சில் எதிரொளித்து (1,2), (1,5), (3,5) போட்டிருந்தால், அந்தப் படிக்கு முழு மதிப்பெண்.

கேள்வித்தாள் தயாரிக்கும்போது (3,3) மாதிரியான புள்ளிகளைத் தவிர்ப்பது நல்லது. அதை 90° சுழற்றினாலும் y அச்சில் எதிரொளித்தாலும் (−3,3)-தான் வரும். பிள்ளை எதைச் செய்தான் என்று அந்தப் புள்ளி சொல்லாது.