வாங்குவோர் கேள்வி-பதில்: உங்கள் நம்பர் எத்தனை பேர் கையில்?

ஆன்லைனில் புடவை வாங்கினேன். பத்து நாள் கழித்து என் பெயருக்கு இன்னொரு பார்சல், 699 ரூபாய் கேஷ் ஆன் டெலிவரி. நான் ஆபீஸில் இருந்ததால் அம்மா பணம் கொடுத்து வாங்கிவிட்டார். உள்ளே கிழிந்த துப்பட்டா. லேபிளில் 'பச்சை கேட் வீடு' என்று இருக்கிறது. அந்தப் புடவைக் கடைக்கு மட்டும்தான் நான் அப்படி எழுதிக் கொடுத்தேன்.
— வாசகி, மதுரை

அம்மாவைத் திட்டாதீர்கள். மகள் பெயரில் பார்சல் வந்தால் யாரும் வாங்கத்தான் செய்வார்கள். அதை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

அந்த 'பச்சை கேட்' உங்கள் கையில் இருக்கும் நல்ல சாட்சி. கசிவு பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் நடந்திருக்கும்: கடை ஊழியர், கடையின் ஆர்டர் சாஃப்ட்வேர், முதல் பார்சலைக் கொண்டுவந்த கூரியர். இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். பெயரில் இருக்கும் எழுத்துப்பிழை, பின்கோடுக்கு முன்னால் விட்ட இடைவெளிகூட ஒரே மாதிரி இருந்தால், யாரோ பட்டியலை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள்.

முதலில் கூரியர் கம்பெனிக்கு, லேபிளில் இருக்கும் ஏடபிள்யூபி என்ற டிராக்கிங் நம்பருடன் புகார் எழுதுங்கள். கேஷ் ஆன் டெலிவரிப் பணம் பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் அனுப்பியவருக்குப் போய்ச்சேரும். அதற்குள் புகார் போனால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லுங்கள். புடவைக் கடைக்கு ஒரே கேள்வி போதும்: "என் முழு முகவரியை உங்கள் கடையில் எத்தனை பேர் பார்க்க முடியும்?" பதில் சொல்லத் தெரியாத கடையில் மறுபடி வாங்காதீர்கள்.

இளம்பிள்ளையில் புடவை வியாபாரம். வெப்சைட்டிலும் வாட்ஸ்ஆப்பிலும் ஆர்டர் வருகிறது. பேக்கிங்குக்கு இரண்டு பேர், போனில் பேச ஒரு பெண், கணக்குக்கு ஒருவர். எல்லோரும் ஒரே பாஸ்வேர்டு. போன வாரம் ஒரு கஸ்டமர், "உங்கள் கடை பெயரைச் சொல்லிப் பரிசு விழுந்திருக்கிறது என்று போன் வந்தது" என்றார். ஊழியர்களிடம் கஸ்டமர் நம்பரை மறைத்தால் வேலை எப்படி நடக்கும்?
— கடைக்காரர், சேலம் மாவட்டம்

ஒரே பாஸ்வேர்டு என்று எழுதும்போது உங்களுக்கே உறுத்தவில்லையா? யார் பார்த்தார்கள் என்று இப்போது உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. நாலு பேரையும் சந்தேகப்படுவீர்கள், அதில் மூன்று பேராவது ஒரு பாவமும் அறியாதவர்கள். இன்றைக்கே ஆளுக்கொரு லாகின் போடுங்கள்.

சரி, வேலை நடக்குமா? ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

பேக்கிங் செய்பவருக்கு வேண்டியது ஆர்டர் எண், புடவை கோடு, நிறம், எத்தனை. திரையில் ஊர், பின்கோடு போதும். முழு முகவரி லேபிளில்தான் அச்சாக வேண்டும். லேபிளை அவர் பார்ப்பாரே என்பீர்கள். பார்க்கட்டும், ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பார். நமக்குப் பயம் ஐந்தாயிரம் முகவரியை ஒரே சொடுக்கில் எடுத்துப் போகிறவரைப் பற்றி. அதனால் லேபிளை மறுபடி அச்சிடும் உரிமையை அன்றைய ஆர்டர்களுக்கு மட்டும் வையுங்கள்.

போனில் பேசுகிறவருக்கு 98XXXX4321 என்று தெரிந்தால் போதும். கூப்பிடும் கஸ்டமரிடம் "கடைசி நாலு எண் சொல்லுங்கள்" என்று கேட்டுச் சரிபார்க்கலாம். இவர் கூப்பிட வேண்டுமென்றால் நடுவில் ஒரு பொது எண் வைக்கும் சேவைகள் இருக்கின்றன. திரையில் போன் படத்தை அழுத்தினால் முதலில் ஊழியரின் போன் அடிக்கும், எடுத்ததும் கஸ்டமருக்கு இணைப்பு போகும். இரண்டு பேருக்கும் தெரிவது அந்தப் பொது எண்தான். டாக்ஸி ஆப்களில் டிரைவர் கூப்பிடும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கணக்கு பார்ப்பவருக்கு பில் எண், தேதி, தொகை, வரி, மாநிலம். போன் நம்பரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார்?

முழு விவரமும் உங்களுக்கும், நீங்கள் இல்லாதபோது இன்னொருவருக்கும். அதுவும் 'காட்டு' என்று அழுத்தினால்தான் தெரிய வேண்டும், அழுத்தியது பதிவாக வேண்டும். மாதம் ஒருமுறை அந்தப் பதிவைத் திறந்து பாருங்கள். நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை அழுத்துகிறவர் ஒரு ஞாயிறு இரவு முந்நூறு தடவை அழுத்தியிருந்தால் கண்ணில் பட்டுவிடும்.

இவ்வளவும் வெப்சைட் ஆர்டருக்கு. வாட்ஸ்ஆப்பில் நம்பரை மறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆர்டர் எடுப்பவருக்கு நம்பர் தெரியத்தான் செய்யும். கடை போனில் மட்டும் எடுக்கட்டும், சொந்த போனில் வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் Linked devices பக்கத்தைத் திறந்து பாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப் இன்னும் அங்கே இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

நம்பரை மறைக்கும் வசதி உண்டு என்று சொன்னதால் ஒரு ஆர்டர் சாஃப்ட்வேருக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். திரையில் நட்சத்திரக் குறிதான் வருகிறது. ஆனால் எக்ஸலில் டவுன்லோடு செய்தால் முழு நம்பரும் வருகிறது! கேட்டால் "அது அப்படித்தான்" என்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
— வாசகர், திருப்பூர்

கேட்கலாம். "மறைக்கும்" என்று அவர்கள் சொன்னது மெயிலிலோ விளம்பரத்திலோ இருந்தால் எடுத்து வையுங்கள். வியாபாரத்துக்காக வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்பார்கள். நீங்களே உழைத்துப் பிழைக்கும் சுயதொழிலுக்காக வாங்கியது என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

ஆனால் ஒரு வருடப் பணம் கட்டுவதற்கு முன் பேக்கிங் ஊழியரின் லாகினில் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கக் கூடாதா? தேடும் கட்டத்தில் முழு நம்பரை அடித்தால் ஆர்டர் வருகிறதா? பில்லை அச்சிட்டால்? புது ஆர்டர் வந்ததும் வரும் மெயிலில்? ஒரு பக்கத்தில் முதல் ஆறு எண், இன்னொரு பக்கத்தில் கடைசி நாலு எண் காட்டும் சாஃப்ட்வேரையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒட்டிவைக்க எவ்வளவு நேரமாகும்? கடைசியாக, பிரவுசரில் F12 தட்டி Network பகுதியில் ஆர்டரின் பதிலைத் திறந்து பாருங்கள். இப்படி வந்தால் அது வெறும் திரைச்சீலை:

```
"phone_display": "98XXXX4321",
"phone": "<முழு எண்>"
```

மறைப்பது சர்வரிலேயே நடந்திருக்க வேண்டும். மற்றவர் லாகினுக்கு முழு எண் வந்து சேரவே கூடாது.

பில் போட நம்பர் கட்டாயம் என்று ஜவுளிக்கடையில் சொல்கிறார்கள்.
— வாசகி, திருச்சி

கட்டாயமில்லை. வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே சொல்லியாகிவிட்டது. கொடுக்காதீர்கள்.

WooCommerce என்ற ஆன்லைன் கடை சாஃப்ட்வேரில் சின்னக் கடை நடத்துகிறேன். ஆறு வருட ஆர்டர்கள் சேர்ந்துவிட்டன. ஆடிட்டர் "எட்டு வருடம் எதையும் தொடாதே" என்கிறார். தம்பி "எல்லாவற்றையும் அழித்துவிடு" என்கிறான்.
— வாசகி, கோயம்புத்தூர்

ஆடிட்டர் சொல்லும் எட்டு வருடம் கம்பெனிச் சட்டத்தில் வருவது. உங்கள் கடை தனி நபர் கடை என்றால் அது உங்களுக்கு இல்லை. தம்பி பேச்சையும் கேட்காதீர்கள்.

ஆர்டர் என்பதை ஒரே பொருளாகப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம். அதில் பில் ஒன்று, ஆள் விவரம் ஒன்று. இரண்டுக்கும் வேறு வேறு ஆயுள். 2024 அக்டோபர் 10-இல் 1,800 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 2024-25 நிதியாண்டு. அந்த ஆண்டின் ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்குக்குக் கெடு 2025 டிசம்பர் 31. அதிலிருந்து 72 மாதம் பில்லை வைத்திருக்க வேண்டும், அதாவது 2031 டிசம்பர் 31 வரை. அந்த பில் மேல் வழக்கோ மேல்முறையீடோ இருந்தால் அது முடிந்து ஒரு வருடம் வரையிலும் தொடக்கூடாது.

போன் நம்பரோ? ஜிஎஸ்டி பில்லில் இருக்க வேண்டிய விவரங்களில் வாங்குபவரின் போன் நம்பர் கிடையவே கிடையாது. பதிவு செய்யாத வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாய்க்குக் குறைவாகப் பொருள் விற்றால், அவர் கேட்டாலொழிய பெயரும் முகவரியும்கூடக் கட்டாயமில்லை. அப்படியென்றால் ஆள் விவரம் எதற்கு? திருப்பி அனுப்பினால் பேச, வழக்கு வந்தால் பதில் சொல்ல. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கெடு இரண்டு வருடம். அந்த ஆர்டருக்கு 2026 அக்டோபர் வாக்கில் முடிந்துவிடும். மூன்று மாதம் கூட்டி 27 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அந்த நம்பர் உங்களிடம் இருப்பதற்கு என்ன காரணம்?

"ஆஃபர் அனுப்பலாமே" என்பார்கள். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டுக்கு ஒரு வாட்டர் பியூரிஃபையர் வாங்கினேன். மெஷின் இரண்டே வருடத்தில் படுத்துவிட்டது, காயலான் கடைக்கும் போய்விட்டது. அதன் விவரம் மட்டும் சாகவில்லை. "சார், உங்கள் மெஷினுக்கு சர்வீஸ் தேதி வந்துவிட்டது" என்று இன்றும் யார் யாரோ கூப்பிடுகிறார்கள். மாடல் பெயர், வாங்கிய மாதம், தெருப் பெயர் எல்லாம் சரியாகச் சொல்கிறார்கள். கம்பெனி ஆள் என்று நம்பிப் பக்கத்து வீட்டம்மா ஒப்பந்தத்துக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்தார். அந்தப் பட்டியலை யாரோ ஒருவர் காலத்தோடு அழித்திருந்தால் அந்த அம்மாவிடம் பொய் சொல்ல எவனுக்கும் விவரமே இருந்திருக்காது. ஆஃபர் வேண்டும் என்று சம்மதித்தவர்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள், வேண்டாம் என்றவுடன் எடுங்கள். பழைய ஆர்டர்களைக் கிண்டி எடுப்பது வியாபாரம் அல்ல.

WooCommerce-இல் Settings, அதில் Accounts & Privacy, கீழே Personal data retention. Retain completed orders என்ற கட்டம் காலியாக இருந்தால் என்றென்றும் வைத்திருக்கும் என்று அர்த்தம். அங்கே 27, months என்று போடலாம். முடிந்த ஆர்டரை அது அழிக்காது, தொகையை விட்டுவிட்டு ஆள் விவரத்தை மட்டும் நீக்கும். ரத்தான, பணம் கட்டாத ஆர்டர்களுக்குத் தனிக் கட்டங்கள் உண்டு, அவற்றுக்குச் சில வாரம் போதும்.

பொறுங்கள், இன்றே போட்டுவிடாதீர்கள். பில் அச்சிடும் பிளக்இன்கள் பலவும் பில்லைச் சேமித்து வைப்பதில்லை, கேட்கும்போது ஆர்டரிலிருந்து புதிதாகச் செய்து கொடுக்கும். விவரத்தை நீக்கிவிட்டு 2029-இல் பில் எடுத்தால் பெயர் இருந்த இடம் காலியாக வரும். கொடுத்த பில்லும் உங்கள் நகலும் வேறு மாதிரி இருக்கக் கூடாது. அதனால் முதலில் பழைய பில்களை எல்லாம் நிதியாண்டு வாரியாக பிடிஎஃப் எடுத்து, நீங்களும் ஆடிட்டரும் மட்டும் திறக்கும் இடத்தில் வையுங்கள். ஒரு பழைய ஆர்டரை மட்டும் நீக்கிப் பார்த்து, சரியாக இருந்தால் மற்றதற்குப் போங்கள். பழைய பேக்கப்பை எப்போதாவது மீட்டால் நீக்கியதெல்லாம் திரும்ப வந்துவிடும், பேக்கப்புக்கும் ஒரு கெடு வையுங்கள்.

கடையில் என் பழைய கணக்கை அழிக்கச் சொன்னால் அழித்தே ஆக வேண்டுமா?
— வாசகர், வேலூர்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த உரிமை இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, இந்தப் பகுதி 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் அமலுக்கு வரும். அதுவரை மெயிலில் கேளுங்கள், நல்ல கடைகள் செய்கின்றன. பில்லை மட்டும் வைத்துக்கொள்வார்கள், அதற்குச் சண்டை போடாதீர்கள்.

பார்சல் கவரை லேபிளோடு குப்பையில் போடலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பெயர், முகவரி, நம்பர் மூன்றும் அதில்தானே இருக்கிறது! கிழித்துப் போடுங்கள்.