அருட்பாவா மருட்பாவா: புதிய சமய இயக்கங்கள் பற்றிச் சில கேள்விகள்

சேர், புதிய சமய இயக்கங்கள் ஏன் தோன்றுது? "கஷ்டம் வந்தா சனம் புதுச் சாமியைத் தேடும்" எண்டு எழுதினா முழுப் புள்ளி கிடைக்குமா?
— இரண்டாம் வருட மாணவி, சமூகவியல்

பாதிப் புள்ளி கிடைக்கும். கஷ்டம் ஒரு காரணம்தான். ஆனால் கஷ்டம் எல்லாக் காலத்திலும் எல்லாருக்கும் இருக்கிறது, புதிய இயக்கமோ எப்போதாவதுதான் முளைக்கிறது. வேறு என்ன சேர்ந்தபோது முளைத்தது என்பதைத்தான் எழுத வேண்டும். பாடப்புத்தகத்து அமெரிக்க உதாரணங்களை விட்டுவிட்டு வடலூர் வள்ளலாரை எடுத்துப் பாருங்கள்.

இராமலிங்கர் 1823இல் பிறந்தவர். 1865இல் ஒரு சங்கம் தொடங்குகிறார். பெயர் சமரச வேத சன்மார்க்க சங்கம். 1867இல் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் தருமசாலை திறக்கப்படுகிறது. பசித்து வந்தவனிடம் சாதி கேட்காமல் சோறு போடும் இடம். தமிழ்நாட்டில் பஞ்சம் உலுக்கிய வருடங்கள் அவை. ஆக, கஷ்டம் இருந்தது.

இரண்டாவது, கூட்டிச் சேர்க்கப் பழைய சரக்கு கைவசம் இருந்தது. சித்தர் மரபும் சைவத் திருமுறையும் சிதம்பரத்து நடராசரும் அவருக்கு முன்பே இருந்தவை. வடலூரை அவர் உத்தர ஞான சிதம்பரம் என்றுதான் சொன்னார். முழுக்கப் புதிதாக ஒரு சமயம் எழும்புவது மிக அருமை. சனத்துக்குத் தெரிந்த பண்டங்களை வேறு வரிசையில் வைப்பதுதான் வழமை. ஆனால் வரிசை மாறினால் பொருளும் மாறும். 1872இல் சங்கத்தின் பெயரில் இருந்த "வேத" போய் "சுத்த" வந்தது: சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம். சைவத்துக்குள்ளே தொடங்கிய ஒன்று அந்த ஏழு வருடத்தில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை இந்த ஒரு சொல்லே காட்டும். சோதனைத்தாளில் இதை எழுதினால் திருத்துகிறவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிப்பார்.

மூன்றாவதைத்தான் பிள்ளைகள் மறந்துபோகிறார்கள்: ஆட்கள். இறுக்கம் இரத்தின முதலியார், தொழுவூர் வேலாயுத முதலியார் போன்ற அன்பர்கள் விடாமல் நச்சரித்திராவிட்டால் 1867இல் வள்ளலார் பாடிய பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் அச்சேறியிருக்காது. 1960களில் லோஃப்லாண்ட், ஸ்டார்க் என்ற இருவர் கலிபோர்னியாவில் ஒரு சிறு கொரியக் கிறிஸ்தவக் குழுவை அருகிருந்து பார்த்து இதையே சொன்னார்கள். போதனையைக் கேட்டு மயங்கி வந்தவர்களைவிட, ஏற்கெனவே உள்ளே இருந்த சிநேகிதர், உறவினர் கையைப் பிடித்து வந்தவர்களே அதிகம்.

கடைசியாக ஒன்று. இப்படிப்பட்ட முயற்சிகளில் பெரும்பாலானவை பெரிதாக வளர்வதில்லை. "கடை விரித்தோம், கொள்வாரில்லை" என்று வள்ளலாரே சொன்னதாக ஒரு வாக்கு வழங்குகிறது.

கல்ட் எண்டா ஆபத்தான கூட்டம், செக்ட் எண்டா பெரிய சமயத்திலிருந்து பிரிஞ்சது. அவ்வளவுதானே? இதுக்கு ஏன் புத்தகம் புத்தகமா சண்டை?
— முதலாம் வருடம், கொக்குவில்

செக்ட் பற்றிச் சொன்னது சரி. கல்ட்டைப் பத்திரிகைக் கண்ணால் பார்க்கிறீர்கள். சமூகவியலில் ஸ்டார்க்கும் பெயின்பிரிட்ஜும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது ஆபத்து என்ற பேச்சே இல்லை. ஒரு சமூகத்தில் ஏற்கெனவே இருந்த சமயத்திலிருந்து உடைந்து வந்தால் செக்ட். புதிதாக அங்கே பிறந்தாலோ வெளியிலிருந்து வந்து இறங்கினாலோ கல்ட்.

இதை எங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய ஊரில் அவர்களுடையது மதிப்பான பழைய சபை. தெல்லிப்பழையில்? அந்த வரைவிலக்கணப்படி கல்ட். அடுத்து எதிர்த்திசை: கலிபோர்னியாவில் பிறந்த ஒரு இளைஞர் 1949இல் யாழ்ப்பாணம் வந்து கொழும்புத்துறை யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்று, சுப்பிரமுனியசுவாமி என்ற பெயரோடு அமெரிக்காவில் சைவ நிறுவனம் நடத்தி, 1970இல் ஹவாயின் கவாய்த் தீவில் மடம் அமைத்தார். கொழும்புத்துறைச் சனத்துக்கு அது பாட்டன் பூட்டன் காலத்துச் சைவம். ஹவாயில் அது புதிய சமய இயக்கம். ஒரே சமயம் இடம் மாறியதும் வகையும் மாறிவிட்டது.

இந்த விலகி நின்று பார்க்கும் அர்த்தம் ஒரு பக்கம் இருக்க, 1970களில் அமெரிக்காவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் பத்திரிகைகளும் அதே சொல்லை ஏமாற்றுக்காரக் கும்பல் என்ற பொருளில் பரப்பினார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை யார் சொன்னாலும் தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. அதனால்தான் ஆய்வாளர் பலர் அதை விட்டு "புதிய சமய இயக்கம்" என்பதைப் பிடித்தார்கள். அதிலும் குறை உண்டு. வடலூருக்கு 150 வயது தாண்டிவிட்டது, இன்னும் புதியதா?

சேர், எங்கட தம்பி ஏ.எல் முடிச்சிட்டு ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினான். இப்ப கோயிலுக்கும் வாறானில்லை, பிரசாதமும் தொடுறானில்லை. அம்மா மூளைச்சலவை எண்டு அழுகிறா. அது கல்ட்டா?
— அக்கா ஒருவர், வடமராட்சி

தங்கச்சி, இது பாடக் கேள்வி இல்லையென்று விளங்குகிறது, இருந்தாலும் சொல்கிறேன். மூளைச்சலவை என்ற பேச்சு கொரிய யுத்தக் கைதிகளைப் பற்றிய பயத்தில் பிறந்தது, பிறகு சமயத்துக்கு இழுத்து வரப்பட்டது. அதைச் சோதித்துப் பார்த்தவர் லண்டனில் ஐலின் பார்க்கர். முதல் பதிலில் சொன்ன அதே கொரிய இயக்கம் நடத்திய வகுப்புகளுக்கு 1979இல் போன ஆயிரம் பேரளவைப் பின்தொடர்ந்தார். பத்தில் ஒன்பது பேர் சேரவேயில்லை. சேர்ந்தவர்களிலும் பாதிக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் வெளியேறிவிட்டார்கள். மூளையைக் கழுவும் யந்திரம் இருந்தது என்றால் அது மிக மோசமான யந்திரம்.

இதனால் தம்பிக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிரசாதம் தொடாதது நம்பிக்கை மாறியதன் அடையாளம். அது அம்மாவுக்கு வலி, ஆனால் ஆபத்தின் அடையாளம் அல்ல. வேறு விஷயங்களைப் பாருங்கள். ஃபோன் எடுத்தால் கதைக்கிறாரா? சம்பளம் அவர் கையில் நிற்கிறதா? ஒரு கிழமை கூட்டத்துக்குப் போகாமல் விட்டால் யாராவது மிரட்டுகிறார்களா? நோய்க்கு மருந்து எடுக்க விடுகிறார்களா? இவற்றில் பதில் பிழையாக வந்தால் பயப்படலாம். சண்டை பிடித்து வீட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். திரும்பி வர நினைக்கிறவனுக்கு அந்தக் கதவு தேவை.

யாழ்ப்பாணத்தில் எந்தெந்தச் சபை, எந்தெந்தச் சாமியார் போலி எண்டு ஒரு லிஸ்ட் போடுங்கோ சேர். எல்லாருக்கும் பிரயோசனம்.

இல்லை. போலி என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பாடத்தின் வேலை இல்லை.

ஐயா, வள்ளலாரை இங்கே இழுத்ததால் கேட்கிறேன். அவரை எதிர்த்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அருட்பா என்ற பெயர் திருமுறைக்கே உரியது, கோயிலில் தேவாரம் ஓதும் இடத்தில் வள்ளலார் பாட்டு ஏறக்கூடாது என்பதே அவர் வாதம். அதைச் சகிப்பின்மை என்று காட்டப் போகிறீர்களா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நல்லூர்

காட்டவில்லை ஐயா. ஆனால் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்ட் என்ற சொல்லுக்காக நடக்கும் சண்டையின் எல்லா அம்சமும் இதில் இருக்கிறது. 1869இல் நாவலர் தரப்பிலிருந்து "போலியருட்பா மறுப்பு" வந்தது. அருட்பா அல்ல, மருட்பா என்றார்கள். விஷயம் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போனது. இருவரும் மறைந்த பிறகும் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும் மறைமலையடிகள் மறுபக்கமுமாக மேடை போட்டார்கள்.

நான் பார்ப்பது வேறொன்று. நாவலரும் அதே காலத்தின் பிள்ளைதான். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உதவியவர், 1847 கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை, அடுத்து அச்சுக்கூடம். பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சு மூன்றும் மிஷனரிமார் கையாண்ட கருவிகள். கோயில் வாசலில் நின்று வாரா வாரம் பிரசங்கம் செய்வது அன்றைய சைவத்துக்குப் புதுமை. மிஷனரியும் அச்சும் வந்து பழையதை ஆட்டியபோது இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள். ஒருவர் ஆகமத்துக்குத் திரும்பச் சொன்னார், மற்றவர் அதைத் தாண்டிப் போனார். முதலாவதை மறுமலர்ச்சி என்கிறோம். இரண்டாவதற்கு மருள் என்று பெயர் விழுந்தது. பெயர் வைக்கும் பலம் அன்று யாரிடம் இருந்தது என்று கேட்டால், பாதி விடை வந்துவிடும்.

அதே ஐயா மறுபடியும்: பலம் மட்டும் இல்லை. திருமுறை எது என்று ஒரு மரபு தீர்மானிக்கக்கூடாதா?

உள்ளே இருப்பவருக்கு அந்த உரிமை உண்டு. ஒரு சைவர் "இது எங்கள் திருமுறை அல்ல" என்றால் அது நேர்மையான பேச்சு. வெளியே நிற்கும் ஆய்வாளரோ பொலிசோ நீதிமன்றமோ அதே வாயால் பேசத் தொடங்கினால்தான் சிக்கல். இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில் நீங்களும் நானும் முழுக்க உடன்படமாட்டோம் என்று நினைக்கிறேன்.

அப்ப ஜோன்ஸ்டவுன்? 900க்கு மேல செத்தாங்கள். அதையும் "புதிய சமய இயக்கம்" எண்டு மெதுவாச் சொல்லோணுமா?
— மூன்றாம் வருடம், சட்டம்

நியாயமான கோபம். ஆனால் அந்தச் சம்பவத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஜிம் ஜோன்ஸின் மக்கள் ஆலயம் ஒரு பெரிய, மதிப்பான அமெரிக்கப் புரட்டஸ்தாந்து சபையோடு இணைந்திருந்தது. அரசியல்வாதிகள் கைகுலுக்கினார்கள். கல்ட் என்ற முத்திரையை வைத்துத் தேடியிருந்தால் அங்கே போய் நின்றிருக்க மாட்டீர்கள். ஆபத்து தெரிந்தது நடத்தையில். 1977இல் ஆட்களைக் கூட்டமாகக் கயானாக் காட்டிலுள்ள ஜோன்ஸ்டவுனுக்குக் கொண்டுபோனது, கடவுச்சீட்டை வாங்கி வைத்தது, விலக விரும்பியவரைத் தடுத்தது, சாவுக்கு முன்கூட்டியே ஒத்திகை பார்த்தது. 1978 நவம்பர் 18இல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற பிறகு அந்தக் கூட்டச் சாவு வந்தது. செத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு சிறுபிள்ளைகள். அவர்களைப் பற்றி "விரும்பிச் செத்தார்கள்" என்று யாரும் எழுத ஏலாது.

ஆக, குற்றத்துக்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது: ஆட்கடத்தல், கொலை, சிறுவர் வன்முறை. அந்தப் பெயர்களைச் சத்தமாகவே சொல்லுங்கள். "கல்ட்" என்று சொன்னால் அந்தக் குற்றங்கள் நிரூபணமாகாது, அதே சொல்லால் வேறு நூறு தீங்கற்ற குழுக்களும் அடிபடும். ஆனால் வெளியேறியவர்கள் பலர் எங்கள் "நடுநிலை"யைக் கேட்டுப் பல்லைக் கடிக்கிறார்கள். தங்களுக்கு நடந்ததைச் சொல்ல அந்த ஒரு சொல்தான் இருந்தது, அதையும் பேராசிரியர்மார் பிடுங்கிவிட்டார்கள் என்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் திருப்தியான பதில் இல்லை.

கடைசிக் கேள்வி. அசைன்மென்டில எந்தச் சொல் பாவிக்கிறது?

யாரோ சொன்னதை எடுத்துச் சொல்லும்போது, அவர் கல்ட் என்றிருந்தால் கல்ட் என்றே மேற்கோள் குறிக்குள் போடுங்கள், சொன்னது யார் என்பதையும் சேருங்கள். உங்கள் குரலில் எழுதும்போது குழுவின் சொந்தப் பெயரை எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும், பிந்தினால் எடுக்கமாட்டேன்.