விமானச் சக்கரத்தின் சூடு: விமானம் நின்ற பிறகும் ஏறுவது ஏன்?

கேள்வி: விமானம் வந்து நின்று அரை மணி நேரம் ஆன பிறகும் “பிரேக் சூடாக இருக்கிறது” என்று சொல்லிச் சக்கரத்தின் பக்கம் யாரையும் விடுவதில்லையே, ஏன்? டயர் உண்மையிலேயே வெடிக்குமா?

பதில்:

வெடிக்க வாய்ப்பு உண்டு. அது நேராமல் தடுப்பதற்காகவே பிரேக் உள்ள ஒவ்வொரு சக்கரத்திலும் உருகிக் காற்றை வெளியேற்றும் சிறு அடைப்பான்கள் பொருத்தப்பட்டுள்ளன. அரை மணி நேரம் கழித்தும் விலகி நிற்பதற்குக் காரணம், டயரைத் தாங்கும் உலோக விளிம்பு தன் உச்சச் சூட்டை எட்டுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் என்பதே. விமானப் பராமரிப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில், இந்தத் தாமதம் எப்படி ஏற்படுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் சூட்டின் அளவு. 77 டன் எடையுள்ள ஓர் ஏ320 விமானம், மேலெழும் ஓட்டத்தில் 145 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 268 கிலோமீட்டர் வேகத்தை எட்டியபோது, விமானி ஏதோ ஒரு கோளாறினால் ஓட்டத்தைக் கைவிட்டு நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கும் பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டால், அந்த நொடியில் விமானத்தின் இயக்க ஆற்றல் சுமார் 21 கோடி ஜூல் என்று வருகிறது. அறை வெப்பத்தில் இருக்கும் 730 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பம் அது. என்ஜினின் எதிர்விசையும் காற்றின் தடையும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், பெரும்பகுதி அரை நிமிடத்துக்குள் நான்கே நான்கு பிரேக்குகளுக்குள் போய் அடைந்துவிடுகிறது. மூக்குச் சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது.

அந்தப் பிரேக், சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் கார்பன் வட்டுகளும் சுழலாமல் நிற்கும் கார்பன் வட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நீரழுத்தப் பிஸ்டன்கள் அந்த அடுக்கை அழுத்தும்போது உராய்வு உண்டாகி வேகம் வெப்பமாக மாறுகிறது. அடுக்குக்கும் அதைச் சூழ்ந்த அலுமினியச் சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய உலோகத் தகட்டாலான வெப்பத் தடுப்பு உண்டு. ஆகவே விமானம் நிற்கும் தருணத்தில் கார்பன் பல நூறு டிகிரியில் இருக்க, அதிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும் சக்கர விளிம்போ சற்று வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கும். வெப்பம் அங்கே போய்ச் சேர இன்னும் நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஓடும்போது வீசிய காற்றும் இப்போது நின்றுவிட்டது. தடுப்புத் தகடு வெப்பத்தைத் தாமதப்படுத்துமே தவிர விழுங்கிவிடாது; அடுக்கிலிருந்து கதிர்வீச்சாகவும், தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத்தின் வழியாகவும் அது மெல்ல வெளியே பரவுகிறது. விமானியறைத் திரையில் தெரியும் பிரேக் வெப்பநிலையே கூட விமானம் நின்ற பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். விளிம்பும் டயரும் அதற்கும் பின்னால் வருகின்றன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நான் நேரில் பார்த்தேன். ஒரு விமானத்தின் நான்கு பிரேக்குகளில் ஒன்று, மிதியை விட்ட பிறகும் முழுதாக விலகாமல் லேசாகப் பிடித்தபடியே இருந்திருக்கிறது. ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடம் வரையிலான நீண்ட தூரத்தை அந்தச் சக்கரம் உராய்ந்துகொண்டே கடந்து வந்தது. மற்ற மூன்றும் 300 டிகிரியை ஒட்டி இருக்க, இது மட்டும் 600-ஐத் தாண்டிக் காட்டியது. நாங்கள் மூக்குச் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு விலகி நின்றோம். கால் மணி நேரத்துக்குப் பிறகு எண் இறங்கத் தொடங்கியது. 500-க்கும் கீழே வந்துவிட்டதே, இனிப் போய்ப் பார்க்கலாமா என்று நான் கேட்டபோது, மூத்த பொறியாளர், “அந்த முள் கார்பனோட சூட்டைச் சொல்லுது தம்பி, ரிம்மோட சூட்டை யாரும் உனக்குச் சொல்லலையே” என்றார். நின்று முப்பத்தைந்து நிமிடம் இருக்கும், சீறல் சத்தம் கேட்டது. பிரஷர் குக்கர் விசிலை யாரோ விடாமல் அழுத்திப் பிடித்தது போன்ற சத்தம். சில நிமிடங்களில் டயர் சப்பையாகிவிட்டது.

பிறகு சக்கரம் ஆறியதும் கழற்றிப் பார்த்தோம். அடைப்பான் என்று நான் சொல்வது, விரலின் ஒரு கணு அளவேயுள்ள, நடுவில் துளையிட்ட ஒரு போல்ட். அந்தத் துளைக்குள் ஈயப் பற்றவைப்பை ஒத்த, குறிப்பிட்ட வெப்பநிலையில் சட்டென்று உருகும் கலப்பு உலோகம் அடைக்கப்பட்டிருக்கும். சக்கரத்தின் வகையைப் பொறுத்து அந்த வெப்பநிலை மாறினாலும், பொதுவாக 180 முதல் 200 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஒரு சக்கரத்தில் மூன்று நான்கு அடைப்பான்களைச் சுற்றிலும் பரவலாக வைத்திருப்பார்கள், ஏனெனில் சூடு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்காது. அன்று உருகியது ஒன்றுதான். அதன் துளை காலியாக இருந்தது. அருகில் விளிம்பின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு சொட்டு உறைந்து ஒட்டியிருந்தது. டயர் கழிவுக்குப் போனது. சக்கரத்தின் அலுமினியம் சூட்டில் பதம் இழந்திருக்கிறதா என்று அதன் கடினத்தன்மையையும் மின்கடத்தும் திறனையும் சோதிக்கப் பணிமனைக்கு அனுப்பினோம்.

இங்கே ஒரு கேள்வி எழும். வெப்பம் ஏறினால் உள்ளே அழுத்தம் ஏறும், அதனால்தான் டயர் வெடிக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இத்தகைய விமானங்களின் முதன்மைச் சக்கர டயரில் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 200 பவுண்டு. காரில் இருப்பதைப் போல ஆறு மடங்கு. 30 டிகிரியில் 200 ஆக இருப்பது 180 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 300 ஆகும், அதாவது ஒன்றரை மடங்கு. விமான டயரோ, தனக்கு விதித்த அழுத்தத்தைப் போல நான்கு மடங்கைத் தாங்கும்படி தயாரிக்கப்படுவது. ஆக, அழுத்தம் ஏறுவது மட்டுமே அதை வெடிக்க வைக்காது. அழுத்தம் ஏறும் அதே வேளையில் அதைத் தாங்கி நிற்கும் பொருள்கள் தளர்வதுதான் உண்மையான ஆபத்து. சக்கரத்தின் அலுமினியக் கலவை 200 டிகிரியைத் தாண்டியதும் வேகமாக வலுவிழக்கத் தொடங்குகிறது. டயருக்குள் இருக்கும் நைலான் இழைகள் 260 டிகிரியை ஒட்டி உருகியே போகும், அதற்கு வெகு முன்பே ரப்பரோடு அவற்றுக்குள்ள பிடிப்பு விட்டுப்போகும். இந்த இரண்டும் நடப்பதற்கு முன்னால் காற்று வெளியேறிவிட வேண்டும் என்பதால்தான் உருகுநிலையை அங்கே வைத்திருக்கிறார்கள். இதையும் விடக் குறைவாக வைத்தால், வெயில் காலத்தில் வழக்கமான தரையிறக்கத்துக்கே டயர்கள் சப்பையாகிக்கொண்டிருக்கும்.

அடைப்பானால் தடுக்க முடியாத ஆபத்தும் ஒன்று உண்டு. டயரின் உட்புறம் மிகவும் சூடேறினால் ரப்பரிலிருந்து எரியக்கூடிய ஆவி கிளம்பும்; உள்ளே ஆக்சிஜன் இருந்தால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். அப்போது அழுத்தம் நொடியில் எகிறுவதால், ஒரு சிறு துளை வழியாக அதை வெளியேற்ற இயலாது. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோ சிட்டியிலிருந்து புறப்பட்ட மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 விமானத்தில் சூடேறிய பிரேக்கினால் இதுதான் நேர்ந்தது. நைட்ரஜனுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்று அடைக்கப்பட்டிருந்த டயர், சக்கர அறைக்குள் மடக்கி வைக்கப்பட்டிருந்த நிலையில் வானத்திலேயே வெடித்து எரிபொருள், நீரழுத்தக் குழாய்களைச் சிதைத்தது. விமானத்தில் இருந்த 167 பேரும் இறந்தார்கள். டயருக்குள் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற அமெரிக்க விதி அதன் பிறகு வந்தது. நைட்ரஜன் அடைப்பது உள்ளே ஈரம் உறையாமல் இருக்கத்தான் என்று எங்கள் துறையிலேயே சிலர் சொல்வார்கள். அந்தப் பயனும் உண்டு என்றாலும் அது இரண்டாம் பட்சம்.

சூடான சக்கரத்தை நெருங்கியே தீர வேண்டுமென்றால், முன்பக்கமிருந்தோ பின்பக்கமிருந்தோதான் போக வேண்டும்; அச்சின் நேர்கோட்டில், பக்கவாட்டில் ஒருபோதும் நிற்கக் கூடாது. சக்கரம் என்பது போல்ட்டுகளால் இணைத்த இரண்டு பாதிகள். அது உடைந்தால் துண்டுகள் அச்சின் திசையில்தான் பெரும்பாலும் பாயும். புகை மட்டும் வந்தால் தானாக ஆற விடுவதே நல்லது. புகை வருகிறதே என்று பதறிக் கார்பன் டை ஆக்சைடு அணைப்பானையோ நீர்த்தாரையையோ நேராகப் பாய்ச்சினால், திடீர்க் குளிர்ச்சியில் சூடான உலோகம் விரிசல் விட்டு, நாம் தவிர்க்க நினைத்த வெடிப்பை நாமே வரவழைத்தது போலாகிவிடும். தீயே பிடித்துவிட்டால் அது தீயணைப்புப் படையினரின் வேலை. அவர்கள் உலர்தூளைப் பயன்படுத்துவார்கள்.

நிறுத்தப் பிரேக்கைப் போடாமல் விடுவதும் இதே காரணத்தால்தான்: அதைப் போட்டால் சூடான வட்டுகள் ஒன்றோடொன்று அழுந்தியபடி இருந்து, வெப்பத்தைப் பிஸ்டன்களின் பக்கம் கடத்தும். முதலில் மூக்குச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் அதனால்தான். போயிங் 737-இன் கையேட்டில் பிரேக் உள்வாங்கிய ஆற்றலை எடை, வேகம், வெப்பநிலை ஆகியவற்றிலிருந்து கணக்கிடும் அட்டவணை உண்டு. விடை, அடைப்பான் உருகும் மண்டலத்தில் விழுந்தால், ஓடுபாதையை உடனே விட்டு விலகவும், ஒரு மணி நேரம் சக்கரத்தை நெருங்கவோ விமானத்தை நகர்த்தவோ கூடாது என்றும் அது சொல்கிறது. அடைப்பான் ஏற்கெனவே சீறி டயர் சப்பையாகிவிட்டால் அந்தச் சக்கரத்தில் அழுத்தம் இல்லை, ஆபத்தும் பெரிதும் குறைந்துவிட்டது. அஞ்ச வேண்டியது, அதே அச்சில் பக்கத்தில் இன்னும் முழு அழுத்தத்தோடு சூடேறிக்கொண்டிருக்கும் மற்றொரு சக்கரத்துக்குத்தான்.